“என் பெயரை எடுத்துவிடவும்”: ஒரு பதில் கடிதத்துக்கு உரை

வாடிக்கையாளர்களுக்கு மாதம் ஒருமுறை மின்னஞ்சல் அனுப்பும் சிறு கடைகள் நம்மூரில் நிறைய உண்டு. புதுச் சரக்கு வந்திருக்கிறது, பண்டிகைத் தள்ளுபடி தொடங்குகிறது என்பதுபோன்ற செய்திகள்தான். அந்தக் கடிதங்களின் அடியில், இனி வேண்டாம் என்பவர்கள் அழுத்துவதற்கு ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் அனுப்பும் சேவையே பெயரைப் பட்டியலிலிருந்து விலக்கிவிடும், கடைக்காரர் எதையும் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் ஒரு பகுதியினர் அதை அழுத்துவதில்லை. சிலர் கண்ணில் அந்தச் சிறு எழுத்து படுவதில்லை. தெரியாத இணைப்பை அழுத்தக் கூடாது என்று வங்கியும் பிள்ளைகளும் சொல்லிச் சொல்லிப் பழக்கியதால் சிலர் தொடுவதில்லை. கடிதம் கடையிலிருந்து வந்தது, கடைக்கே பதில் சொல்வோம் என்று நினைப்பவர்களும் உண்டு. இவர்கள் பதில் எழுதுகிறார்கள். அந்தப் பதில் ஆர்டர்களுக்கும் கூரியர் அறிவிப்புகளுக்கும் நடுவே வந்து விழுகிறது. அனுப்பும் சேவைக்கு அப்படியொரு பதில் வந்ததே தெரியாது. அதைப் படித்துச் செயல்பட வேண்டியது ஒரு மனிதர்தான்.

அப்படியொரு பதிலைக் கீழே தருகிறேன். மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறு கடைக்கு அமெரிக்காவிலிருக்கும் வாடிக்கையாளர் எழுதியதாக, விளக்கத்துக்கென்று அமைத்தது. முகவரிகளும் மாதிரி முகவரிகளே. ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு சிக்கலும் இத்தகைய அஞ்சற்பெட்டிகளில் வழக்கமாகக் காண்பதுதான்.

```
From: <rs1968@example.net>
To: <kadai@example.com>
Date: Sat, 12 Jul 2025 21:47:10 -0400
Subject: Re: ஆடித் தள்ளுபடி: புதிய சுங்குடி வரவு

வணக்கம். இப்போதைக்கு எதுவும் வேண்டாம்.
என் பெயரை எடுத்துவிடவும். இது மூன்றாவது முறை.
போன மாதம் வாங்கிய சேலை இன்னும் வரவில்லை, பார்க்கவும்.

Sent from my iPhone

> On Jul 12, 2025, at 9:30 AM, kadai@example.com wrote:
> ஆடித் தள்ளுபடி தொடங்குகிறது ...
> இனி இக்கடிதம் வேண்டாம் என்றால்:
> https://example.com/u/7f3a9c
```

`From: <rs1968@example.net>`

முதல் வரியிலேயே பிழை நேர இடமிருக்கிறது. எழுதியவர் “என் பெயரை” என்கிறார், பெயர் எங்கும் இல்லை. இருப்பது ஒரு முகவரி மட்டும். கடையில் மின்னஞ்சல் பார்ப்பவர் அந்த முகவரியைப் பட்டியலில் தேடுகிறார். கிடைக்கவில்லை. “ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் போல” என்று முடிவுகட்டி அடுத்த கடிதத்துக்குப் போகிறார். அடுத்த மாதம் அதே வாடிக்கையாளருக்கு மறுபடியும் கடிதம் போகிறது.

தேடியது கிடைக்கவில்லை என்றால் எழுதியவர் பட்டியலில் இல்லை என்று ஆகாது. அவர் பட்டியலில் இல்லாவிட்டால் பெரும்பாலும் கடிதமே போயிருக்காது, பதிலும் வந்திருக்காது. ஆகவே அவர் வேறு முகவரியில் இருக்கிறார் என்றே முதலில் கொள்ள வேண்டும்.

இது எப்படி நேர்கிறது? மிக வழக்கமான காரணம் முன்னனுப்பல். சேலை வாங்கும்போது அலுவலக முகவரியைக் கொடுத்திருப்பார், அல்லது படித்த கல்லூரி வழங்கிய முகவரியை. அங்கே வரும் அஞ்சலெல்லாம் தானாகவே சொந்த அஞ்சற்பெட்டிக்கு வந்து சேரும்படி அமைத்திருப்பார். கடிதத்தைப் படிப்பது சொந்தப் பெட்டியில், பதில் போவதும் அங்கிருந்துதான். பழைய முகவரியைக் கொடுத்ததே அவருக்கு மறந்துபோயிருக்கும்.

ஜிமெயிலில் இன்னொன்று உண்டு. முகவரியின் முன்பகுதியிலுள்ள புள்ளிகளை அது கணக்கில் எடுப்பதில்லை. `r.s1968` என்று எழுதினாலும் `rs1968` என்று எழுதினாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். முன்பகுதிக்குப் பின்னால் கூட்டல் குறி இட்டு எதைச் சேர்த்தாலும் அப்படியே. வாங்கும்போது புள்ளியோடு கொடுத்தவர் புள்ளியில்லாத முகவரியிலிருந்து பதில் எழுதினால் தேடல் அவரைக் கண்டுபிடிக்காது. அதனால் முழு முகவரியை ஒட்டித் தேடுவதோடு நிறுத்தாமல், `1968` போன்ற ஒரு துண்டையும் தேடிப் பார்க்க வேண்டும். ஆனால் துண்டுத் தேடலில் கிடைப்பது வெறும் ஊகம். ஒத்த எழுத்துள்ள வேறொருவரை விலக்கிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. உறுதியான வழி கடிதத்தின் அடியில் இருக்கிறது, அங்கே வருவோம்.

`To: <kadai@example.com>`

பதில் கடையின் பொது முகவரிக்கு வந்திருப்பது நல்லது. `noreply` என்று தொடங்கும் முகவரியிலிருந்து கடிதம் அனுப்பும் கடைகளுக்கு இந்தப் பதில் வந்தே இருக்காது. எழுதியவருக்கோ சொல்லிவிட்டோம் என்ற நினைப்பு இருக்கும். திரும்பத் திரும்பச் சொல்லியும் கேட்காத கடை என்று அவர் எண்ணுவதற்கு இதைவிட நேரான வழியில்லை. பதில் வரும் முகவரியை யாராவது ஒருவர் நாள்தோறும் திறந்து பார்க்க வேண்டும், அதன் ஸ்பேம் ஃபோல்டரையும் சேர்த்து.

`Date: Sat, 12 Jul 2025 21:47:10 -0400`

அமெரிக்கக் கிழக்குக் கரையில் சனி இரவு 9.47. மதுரையில் அது ஞாயிறு காலை 7.17. கெடு கணக்கு இந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது.

அமெரிக்காவில் 2003இல் இயற்றப்பட்ட கேன்-ஸ்பேம் சட்டம், விலகல் கோரிக்கை கிடைத்து பத்து வேலைநாட்களுக்கு மேல் வணிக மின்னஞ்சல் அனுப்பக் கூடாது என்கிறது. கனடாவிலும் சிங்கப்பூரிலும் அதே பத்து வேலைநாள். ஆஸ்திரேலியாவில் ஐந்து. நம் கடிதத்துக்குக் கணக்குப் போட்டால் திங்கள் ஜூலை 14 முதல் வேலைநாள், வெள்ளி ஜூலை 25 பத்தாம் நாள். வெளிநாட்டுத் தமிழர்களுக்கு விற்கும் கடைக்கு இந்தச் சட்டங்கள் அந்நியமானவை அல்ல, அவை கடிதம் சென்று சேரும் நாட்டை ஒட்டியவை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதலைத் திரும்பப் பெறுவது அதைக் கொடுத்தபோது இருந்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது.

ஆனால் நடைமுறையில் பார்க்க வேண்டிய கெடு வேறு. அடுத்த கடிதம் எப்போது புறப்படுகிறது என்பதே அது. ஜூலை 16 அன்று போகும்படி ஒரு நினைவூட்டல் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்தால், ஜூலை 25 வரை அவகாசம் இருக்கிறதே என்று இருப்பதில் பயனில்லை. சட்டப்படி அது குற்றமில்லாமல் இருக்கலாம், வேண்டாம் என்று எழுதிய நான்காம் நாள் மறுபடி ஒரு கடிதத்தைப் பெறுபவருக்கோ அது அலட்சியம். அப்புறம் அவர் பதில் எழுதமாட்டார், ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்.

அதன் விளைவைச் சிறு கடைகள் குறைத்தே மதிப்பிடுகின்றன. ஸ்பேம் என்று குறிக்கப்படும் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டவிடக் கூடாது என்று கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து அனுப்புவோரைக் கேட்கிறது. ஒரு நாளில் ஐந்தாயிரத்துக்கு மேல் அனுப்புவோருக்கு மேலும் கடுமையான விதிகள் உண்டு. விகிதம் என்பது சிறியவர்களுக்குத்தான் பாதகம். நானூறு ஜிமெயில் முகவரிகளுக்குப் போன கடிதத்தை இரண்டு பேர் ஸ்பேம் என்று குறித்தால் அது 0.5 சதவீதம். பிறகு விரும்பிக் காத்திருக்கும் வாடிக்கையாளருக்குப் போகும் கடிதமும், ஏன், பில்லும்கூட ஸ்பேம் ஃபோல்டரில் போய் விழத் தொடங்கும்.

`Subject: Re: ஆடித் தள்ளுபடி: புதிய சுங்குடி வரவு`

தலைப்பில் விலகலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பதில் எழுதுபவர் தலைப்பை மாற்றுவதில்லை. அதே தலைப்போடு “நீல நிறம் இருக்கிறதா” என்று கேட்கும் கடிதமும் வரும். ஆகவே தலைப்பை மட்டும் பார்த்து ஒதுக்க முடியாது.

ஃபில்டர் போட்டுப் பிடிக்கலாமே என்று தோன்றும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. “வேண்டாம்” என்ற சொல்லை ஃபில்டரில் கொடுத்தால், பதிலோடு ஒட்டிவரும் பழைய கடிதத்தின் அடிக்குறிப்பிலேயே “வேண்டாம் என்றால்” என்று இருக்கிறது. நீல நிறம் கேட்டவரின் கடிதமும் அந்த ஃபில்டரில் மாட்டும். அப்படி மாட்டியவற்றைத் தானாகவே விலக்கும்படி அமைத்திருந்தால், வாங்க வந்தவர்களைக் கடையே வெளியேற்றியதாகிவிடும். மறுபக்கம், “pls stop”, “venam”, “remove me” என்று எழுதுபவர்கள் தமிழ்ச் சொல்லுக்கான ஃபில்டரில் சிக்கமாட்டார்கள். ஃபில்டரை ஒரு நிறக்குறி இடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, முடிவை மேலே புதிதாக எழுதப்பட்ட வரிகளைப் படித்து எடுப்பதே சரி. சில நூறு பேருள்ள பட்டியலில் ஒரு கடிதத்துக்கு வரும் பதில்கள் படித்து முடிக்கக்கூடிய அளவில்தான் இருக்கும்.

“இப்போதைக்கு எதுவும் வேண்டாம்.”

இதைப் படிக்கும் கடைக்காரருக்கு ஆசை எழும். இப்போதைக்குத்தானே, தீபாவளிக்கு வேண்டியிருக்கலாம், மூன்று மாதம் நிறுத்திவைத்துவிட்டு ஐப்பசியில் மறுபடி அனுப்பினால் என்ன என்று.

அப்படிச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நம்மில் பெரும்பாலோர் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. வாசலில் வந்து நிற்கும் விற்பனையாளரிடமும் “இப்போ வேண்டாங்க” என்றுதான் சொல்கிறோம், அடுத்த வாரம் வரச் சொல்லும் எண்ணத்தில் அல்ல. இந்த வரி மரியாதைக்காக எழுதப்பட்டது. அடுத்த வரி அதன் பொருளைத் தெளிவாக்கிவிடுகிறது. ஒரு கடிதத்தில் மென்மையான சொல்லும் தெளிவான சொல்லும் இருந்தால் தெளிவானதையே கொள்ள வேண்டும்.

தெளிவான வரி இல்லாமல் “இப்போதைக்கு வேண்டாம்” என்பது மட்டும் வந்திருந்தால்? அது அந்த ஆடித் தள்ளுபடிக்கான பதிலாகவும் இருக்கலாம், கடிதங்களுக்கான பதிலாகவும் இருக்கலாம். அப்போது நிறுத்திவைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: “இனி எங்கள் கடிதங்களே வேண்டாமா, இந்த முறை மட்டும் வேண்டாமா?” பதில் வராவிட்டால் விலகியதாகவே கொள்ள வேண்டும். தவறாக விலக்கப்பட்டவர் கடைப் பக்கத்தில் மறுபடி சேர்ந்துகொள்ளலாம். தவறாக வைத்திருக்கப்பட்டவருக்கு அவ்வளவு எளிய வழி கிடையாது.

“என் பெயரை எடுத்துவிடவும்.”

இதுதான் கடிதத்தின் உயிர். இதை அப்படியே சொல்லுக்குச் சொல் செய்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். பட்டியலைத் திறந்து, அந்த வரிசையை அழித்துவிடுகிறார்கள். பெயர் போய்விட்டது, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

பட்டியல் எங்கிருந்து உருவானது என்று பாருங்கள். பில் போடும் மென்பொருளிலிருந்து வாங்கியவர்களின் முகவரிகளை எக்செல் கோப்பாக இறக்கி, அனுப்பும் சேவையில் ஏற்றியிருக்கிறார்கள். தீபாவளிக்கு முன் மறுபடி அதையே செய்வார்கள். பில்லில் அவர் பெயர் இருக்கும், இருந்தே ஆக வேண்டும், கணக்குக்குத் தேவை. அழித்த முகவரி புதியவரைப்போலத் திரும்பவும் பட்டியலில் ஏறிவிடும். அவர் ஒருமுறை மறுத்தவர் என்று சொல்வதற்கு அங்கே எந்தத் தடமும் இல்லை, ஏனென்றால் அந்தத் தடத்தைத்தான் அழித்தோம்.

ஆகவே எடுப்பது என்றால் அழிப்பதல்ல, குறிப்பது. அனுப்பும் சேவைகளில் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு நிலை இருக்கும்: சந்தாவில் இருப்பவர், விலகியவர் என்று. அவரை விலகியவர் என்ற நிலைக்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றிவைத்தால் பின்னர் ஏற்றும் எக்செல் கோப்பில் அதே முகவரி இருந்தாலும் பொதுவாகச் சேவை அவருக்கு அனுப்பாது. உங்கள் சேவை அப்படித்தான் நடந்துகொள்கிறதா என்று உங்கள் சொந்த முகவரி ஒன்றை விலக்கி, மறுபடி ஏற்றிச் சோதித்துவிடுங்கள். ஏற்றும்போது “இருப்பவற்றையும் புதுப்பி” என்பதுபோல ஒரு தேர்வு இருந்தால், அது நிலையையும் மாற்றிவிடுகிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

சேவை ஏதும் இல்லாமல் எக்செல்லை வைத்தே அனுப்புபவர்கள் மறுத்தவர்களுக்கென்று தனித்தாள் ஒன்று வைக்க வேண்டும். முகவரி, மறுத்த தேதி, எந்த வழியில் சொன்னார் என்ற மூன்று பத்தி போதும். ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் அனுப்பும் பட்டியலை அந்தத் தாளோடு ஒப்பிட வேண்டும்:

```
=COUNTIF(maruthavar!A:A, A2)
```

இது பூஜ்யம் காட்டும் வரிகளுக்கு மட்டுமே கடிதம் போகலாம். முகவரியின் முன்னாலோ பின்னாலோ வெற்றிடம் ஒட்டியிருந்தால் இந்த ஒப்பீடு ஏமாற்றிவிடும், அதனால் முதலில் `TRIM` கொடுத்துத் துப்புரவு செய்துகொள்ள வேண்டும்.

வேண்டாம் என்றவரின் முகவரியை வைத்திருப்பதே தவறில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவருக்கு அனுப்பாமல் இருப்பதற்கு அவர் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும், அதற்கு வேண்டிய அளவு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகமும் இத்தகைய மறுத்தோர் பட்டியலை வைத்திருக்கவே அறிவுறுத்துகிறது. அந்தத் தாளில் தொலைபேசி எண்ணும் வாங்கிய விவரமும் இருக்கத் தேவையில்லை.

“இது மூன்றாவது முறை.”

இதைப் படித்ததும் மன்னிப்புக் கேட்டு எழுதத் தோன்றும். அதற்கு முன் முதல் இரண்டு முறை என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் நான்காவது முறையும் வரும்.

அஞ்சற்பெட்டியில் `from:rs1968@example.net in:anywhere` என்று தேடினால் ஜிமெயில் ஸ்பேமையும் குப்பையையும் சேர்த்துக் காட்டும். நம் எடுத்துக்காட்டில் இதற்கு முந்தைய இரண்டு கடிதங்கள் கிடைக்கின்றன என்று கொள்வோம். முதலாவது ஏப்ரலில் வந்தது. அதற்குக் கடையிலிருந்து “எடுத்துவிட்டோம்” என்று பதிலும் போயிருக்கிறது. பட்டியலில் தேடிக் காணாமல், இல்லை என்று நம்பி எழுதிய பதில் அது. முதல் வரிக்கான உரையில் சொன்ன அதே பிழை. செய்யாததைச் செய்ததாகச் சொல்லிவிட்டதால், வாடிக்கையாளர் கண்ணில் அது பொய்யாகவே படும்.

இரண்டாவது மே மாதம் வந்தது. அது வேறொரு கடிதத்துக்கான பதில்: “கூடையில் ஒரு சேலையை விட்டுச்சென்றிருக்கிறீர்கள்” என்ற நினைவூட்டல். மாதக் கடிதத்தை அனுப்புவது ஒரு சேவை, இந்த நினைவூட்டலை அனுப்புவது கடையின் இணையதள மென்பொருள். இரண்டும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. ஒன்றில் விலகியவர் மற்றதில் இருக்கிறார். வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒரே கடைதான்.

ஆகவே கடையிலிருந்து விற்பனைக் கடிதம் புறப்படும் இடங்கள் எத்தனை என்று ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். மாதக் கடிதம், கூடை நினைவூட்டல், வாங்கிய சில நாளில் கருத்துக் கேட்டு அடியில் தள்ளுபடி எண்ணும் தரும் கடிதம், முதலாளி தன் சொந்த முகவரியிலிருந்து பழைய வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் பண்டிகை வாழ்த்து. கடைசியாகச் சொன்னதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். விலகல் இவை எல்லாவற்றிலும் பதிய வேண்டும்.

“போன மாதம் வாங்கிய சேலை இன்னும் வரவில்லை, பார்க்கவும்.”

ஒரே கடிதத்தில் இரண்டு வேலை. பார்சல் விசாரணை அவசரம் என்று கூரியரோடு பேசப் போனால் விலகல் மறந்துபோகும். விலகலைச் செய்துவிட்டுக் கடிதத்தை முடிந்தவற்றில் போட்டால் பார்சல் மறந்துபோகும். படித்தவுடனே விலகலைப் பதிந்துவிட்டு, பிறகு பார்சலைக் கையிலெடுப்பது நல்லது, ஏனென்றால் முதலாவது சில நிமிடங்களில் முடியும்.

கடிதம் வேண்டாம் என்றவருக்குப் பார்சல் பற்றி எழுதலாமா? எழுதலாம், எழுதவும் வேண்டும். அவர் வாங்கிய பொருள் பற்றிய செய்தி விற்பனைக் கடிதம் ஆகாது. அதனால்தான் முகவரியை முழுவதுமாகத் தடுக்கும் பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தினால் கண்காணிப்பு எண்ணும் பணத்தைத் திருப்பித் தரும் அறிவிப்பும் போகாமல் நின்றுவிடும். விற்பனைப் பட்டியலில் மட்டுமே விலக்க வேண்டும். அதேபோல, பார்சல் பற்றிய கடிதத்தின் அடியில் ஆடித் தள்ளுபடிப் படத்தை ஒட்டி அனுப்பினால் அது மறுபடியும் விற்பனைக் கடிதமாகிவிடும்.

`Sent from my iPhone`

கைபேசியிலிருந்து எழுதப்பட்டது, அவ்வளவுதான். சிறு திரையில் அடிக்குறிப்பு கண்ணில் படாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

`> https://example.com/u/7f3a9c`

இரண்டு வழிகள் இங்கே பிரிகின்றன. ஒன்று, “கீழேயுள்ள இணைப்பை அழுத்தினால் விலகிக்கொள்ளலாம்” என்று அவருக்குப் பதில் எழுதுவது. இன்னொன்று, அந்த இணைப்பை வைத்துக் கடையே வேலையை முடிப்பது.

முதல் வழிக்குச் சட்டத்தில் கொஞ்சம் இடமுண்டு. அமெரிக்கச் சட்டம், கடிதத்தில் குறிப்பிட்ட முறையில் வரும் கோரிக்கையைப் பற்றித்தான் பேசுகிறது. இணைப்பு மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தால், பதில் கடிதம் அந்த முறையில் வந்ததல்ல என்று வாதிடலாம். அந்நாட்டு வணிக ஆணையம் 2008இல் வகுத்த விதியோ, விலகுபவரிடம் பதில் மின்னஞ்சல் அனுப்புவது அல்லது ஒரே ஒரு பக்கத்தைத் திறப்பது என்பதற்கு மேல் எதையும் கேட்கக் கூடாது என்கிறது. வாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஒருவர் தெளிவான தமிழில் வேண்டாம் என்று எழுதிவிட்டார், நாமும் படித்துவிட்டோம். படித்த பின் அவரை மறுபடி ஒரு வேலை செய்யச் சொல்வது, அதுவும் மூன்றாம் முறை கேட்பவரிடம், எந்தச் சட்டமும் மன்னித்தாலும் முறையல்ல.

இரண்டாம் வழிக்கு வருவோம். இணைப்பின் கடைசியில் இருக்கும் `7f3a9c` ஒவ்வொருவருக்கும் தனியானது. அனுப்பும் சேவை அதை வைத்துத்தான் அழுத்தியவர் யார் என்று அறிகிறது. ஆக, எந்த முகவரியிலிருந்து பதில் வந்தாலும், எந்த முகவரிக்குக் கடிதம் போனது என்ற செய்தி இந்த ஆறு எழுத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஐபோனும் ஜிமெயிலும் பதிலில் பழைய கடிதத்தை ஒட்டும்போது பெறுநர் முகவரியைக் காட்டுவதில்லை. கணினியிலுள்ள அவுட்லுக் பெரும்பாலும் `To:` வரியையும் சேர்த்து ஒட்டும், அப்படி வந்தால் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

நம் கடைக்காரர் இணைப்பைத் திறக்கிறார். சேவையின் பக்கம் உடனே விலக்கிவிடாமல், `re•••@example.org` என்று பாதி மறைத்த முகவரியைக் காட்டி உறுதி கேட்கிறது. பட்டியலில் அந்தத் துண்டைத் தேடினால் ஓர் அலுவலக முகவரி கிடைக்கிறது. போன மாத பில்லிலும் அதே முகவரிதான், வாங்கியவரின் பெயரின் முதலெழுத்துகள் ஆர், எஸ். மூன்றும் பொருந்துகின்றன. விலக்கலாம்.

ஏன் மூன்றையும் பார்க்க வேண்டும்? வாடிக்கையாளர் ஒருவர் இந்தக் கடிதத்தைத் தோழிக்கு அனுப்பி, தோழி எரிச்சலில் கடைக்கே “வேண்டாம்” என்று எழுதியிருந்தால், இணைப்பிலுள்ள எழுத்துகள் வாடிக்கையாளருடையவை. அந்தப் பக்கத்தில் உறுதிசெய்தால் விரும்பிச் சேர்ந்தவர் விலக்கப்படுவார். சந்தேகம் இருந்தால் உறுதிசெய்யாமல் எழுதியவரிடம் கேட்டுவிட வேண்டும். கேட்கும் கடிதத்தில் நாம் கண்டுபிடித்த முகவரியை முழுதாக எழுதக் கூடாது, பதில் எழுதியவர் வேறு ஆளாக இருந்தால் ஒருவரின் முகவரியை இன்னொருவருக்குக் கொடுத்ததாகும்.

பழைய கடிதத்தை ஒட்டாமல் வெறும் வரியாகப் பதில் எழுதுபவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த வழி உதவாது. அதற்கொரு முன்னேற்பாடு செய்யலாம். அனுப்பும் கடிதத்தின் பதில் முகவரியிலேயே அந்தக் குறியைச் சேர்த்துவிடுவது:

```
Reply-To: kadai+7f3a9c@example.com
```

கூட்டல் குறிக்குப் பின்னால் இருப்பதைப் பொருட்படுத்தாத அஞ்சற்பெட்டியாக இருந்தால், எல்லாப் பதிலும் வழக்கம்போல `kadai` பெட்டிக்கே வரும். ஆனால் `To:` வரியைப் பார்த்தாலே யாருக்குப் போன கடிதத்துக்கான பதில் என்று தெரிந்துவிடும். எழுதியவர் எந்த முகவரியிலிருந்து எழுதினாலும் கவலையில்லை. எல்லாச் சேவைகளும் பதில் முகவரியை ஆளுக்கொன்றாக மாற்ற விடுவதில்லை. விட்டால் இதைச் செய்துவிடுவது நல்லது.

விலக்கிய பிறகு, எழுதிய முகவரிக்கு ஒரு பதில்:

```
வணக்கம்.
உங்கள் முகவரியை (re•••@example.org) இன்று விலக்கிவிட்டோம்.
rs1968 முகவரியையும் மறுத்தோர் பட்டியலில் சேர்த்துவிட்டோம்.
முன்பு எடுத்துவிட்டதாக எழுதியது தவறு, மன்னிக்கவும்.
வேறு முகவரியிலும் கடிதம் வந்தால் அதை மட்டும்
தெரிவியுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.
பார்சல் பற்றித் தனியே எழுதுகிறோம்.
```

எந்த முகவரி விலக்கப்பட்டது என்பதை அவர் அடையாளம் காணும் அளவுக்குச் சொல்கிறது. எழுதிய முகவரியையும் சேர்த்து மறுத்தோர் தாளில் போட்டிருக்கிறது, ஏனென்றால் அடுத்த முறை அவர் சேலை வாங்கினால் அந்த முகவரியைக் கொடுக்கலாம், அது புதிய பெயராகப் பட்டியலுக்குள் வந்துவிடும். இதில் படமோ கடையின் விளம்பர வரியோ கிடையாது. “உங்களை இழப்பதில் வருத்தம்” என்று தொடங்கி ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்பதும் கிடையாது.

ஆகஸ்ட் கடிதம் புறப்படும் நாளில், அனுப்பும் பட்டியலை இறக்கி `re` எழுத்துகளுள்ள அந்த முகவரியும் `rs1968`உம் அதில் இல்லை என்று பார்க்க வேண்டும். கூடை நினைவூட்டல் அனுப்பும் மென்பொருளிலும் அதையே பார்க்க வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை முடிந்தவற்றில் சேர்க்கலாம்.